கூடுதல் பட்ஜெட் கேட்டு துறைத் தலைவருக்கு மெயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக்கம் முழுக்க ஒரே உதாரணம்தான். சென்னைக்கு வெளியே ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலை, அதன் கிடங்கில் பேப்பர் சீட்டை எடுத்துவிட்டு கையடக்க ஸ்கேனர் கொண்டுவரும் ப்ராஜெக்ட். ஒப்புதல் கிடைத்த பட்ஜெட் 48 லட்சம். முக்கால்வாசி வேலை முடிந்த பிறகு, பின்பக்க ரேக் ஹாலில் வைஃபை சிக்னல் கிடைக்கவில்லை, சரக்குப் பட்டியலும் உள்ளே இருக்கும் சரக்கோடு ஒத்துப்போகவில்லை என்று தெரியவருகிறது. கம்பெனியும் தொகைகளும் விளக்குவதற்காக நான் வைத்தவை, ஆனால் இந்த மாதிரி சிக்கல் கிடங்கு ப்ராஜெக்ட்களில் சகஜம்.

மெயில் எழுத உட்காரும் முன்னால் கையில் என்ன இருக்கணும்?

மூன்று தொகைகள். இதுவரை பில் வந்து செலவானது, பிஓ போட்டு இன்னும் பில் வராதது, எதற்கும் ஒப்புக்கொள்ளாமல் கையில் மிச்சம் இருப்பது. நடுவில் இருப்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அக்கவுன்ட்ஸ் தரும் அறிக்கையில் 29.5 லட்சம் செலவு என்று இருக்கும், அதைப் பார்த்து கையில் 18.5 லட்சம் இருக்கிறது என்று துறைத் தலைவர் நினைத்துக்கொள்வார், இவ்வளவு வைத்துக்கொண்டு ஏன் மேலே கேட்கிறீர்கள் என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாக இருக்கும். ஆனால் ஸ்கேனர், மென்பொருளின் கடைசித் தவணை என்று 10.5 லட்சத்துக்கு பிஓ போய்விட்டது. உண்மையில் கையில் இருப்பது 8 லட்சம்.

அதிலும் 5.6 லட்சம் ஏற்கெனவே திட்டமிட்ட வேலைக்கு வேண்டும்: பயிற்சிக்கும் தொடக்க வார உதவிக்கும் 3.6 லட்சம், லேபிள் பிரிண்டருக்கு 2 லட்சம். மிச்சம் 2.4 லட்சம் எதிர்பாராச் செலவுக்கு என்று ஆரம்பத்திலேயே ஒதுக்கி வைத்தது, கன்டின்ஜென்சி என்று சொல்வோமே அது.

இந்த மூன்று தொகையையும் அக்கவுன்ட்ஸில் ஒருவரோடு உட்கார்ந்து ஒத்துப்பார்த்த பிறகே மெயிலைத் தொடங்குங்கள். உங்கள் எக்செல் ஒன்று சொல்லி அவர்கள் கணக்கு வேறு சொன்னால், மெயிலில் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அப்புறம், மீதி வேலைக்கு புதிதாக மதிப்பீடு போடுங்கள். இதுவரை பத்து சதவீதம் ஏறியிருக்கிறது, அதனால் இனியும் பத்து ஏறும் என்று பெருக்கிப் போடுவது இங்கே உதவாது, ஏனென்றால் ஏறியதற்குக் காரணம் ஒரு குறிப்பிட்ட ஹால், ஒரு குறிப்பிட்ட பட்டியல். அந்த வேலைகளுக்கு கொட்டேஷன் வாங்கிச் சேர்த்தால்தான் தொகை நிற்கும்.

மேலே எப்படியும் வெட்டுவார்கள். கொஞ்சம் ஏற்றிக் கேட்கலாமா?

வேண்டாம். நம் உதாரணத்தில் கூடுதல் வேலை 8.6 லட்சம். ஒதுக்கி வைத்த 2.4 லட்சத்தை முதலில் கழித்துவிட்டு 6.2 லட்சம் கேட்கிறோம். இதை 8 லட்சமாக ஏற்றினால், கூடவே வைக்கும் கொட்டேஷன்களைக் கூட்டிப் பார்க்கும் யாருக்கும் 1.8 லட்சம் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் தரும் ஒவ்வொரு எண்ணையும் அவர் பாதியாக்கித்தான் படிப்பார்.

ஆனால் ஒதுக்கீடு முழுவதையும் கரைத்துவிட்டால், மறுபடி ஏதாவது வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் தொகையை ஏற்றுவதில் இல்லை, எந்தத் தொகை இனி மாறாது, எது மாறலாம் என்று பிரித்துச் சொல்வதில் இருக்கிறது. ரேக் நிறைந்த நிலையில் வைஃபை சிக்னல் சர்வே மறுபடி எடுத்தாகிவிட்டது, அதனால் சிக்னல் தரும் ஆக்சஸ் பாயின்ட் எண்ணிக்கை உறுதி. சரக்கு எண்ணும் வேலைக்கு நாள் கூலியாகப் பேசியிருந்தால் அது இழுத்துக்கொண்டே போகும். ஒரு பின்னுக்கு, அதாவது ரேக்கில் சரக்கு போட்டு வைக்கும் ஒரு பெட்டிக்கு, 40 ரூபாய் என்று பேசினால் 4,500 பின்னுக்கு 1.8 லட்சத்தோடு நின்றுவிடும். இப்படி ஒவ்வொன்றையும் இறுக்கிவிட்டு, அதற்கு மேலும் உண்மையாகவே ஒதுக்கீடு வேண்டும் என்றால், ஒதுக்கீடு என்றே பெயர் போட்டுத் தனி வரியாகக் கேளுங்கள்.

நேரில் பேசினால் போதாதா, மெயில் எதற்கு?

இரண்டும் வேண்டும், முதலில் பேச்சு. பட்ஜெட் போதவில்லை என்ற செய்தியை அவர் முதல்முறையாக ஒரு மெயிலில் படிக்கக் கூடாது. பத்து நிமிடம் கேட்டு, நிலைமையைச் சொல்லி, இன்று மாலை எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் அவர் கேட்கும் இரண்டு மூன்று கேள்விகள்தான் உங்கள் மெயிலில் பதில் இருக்க வேண்டிய கேள்விகள்.

6 லட்சத்தைத் தன் கையெழுத்தில் விடும் அதிகாரம் பல இடங்களில் துறைத் தலைவருக்கு இருக்காது. அவர் நிதித் தலைவரிடம் போக வேண்டும், அங்கே நீங்கள் இருக்க மாட்டீர்கள். நீங்கள் எழுதும் மெயிலைத்தான் மேலே ஒரு வரி சேர்த்து அப்படியே அனுப்புவார். கிடங்குக்குள் காலே வைக்காத ஒருவர் படித்தாலும் விளங்குகிற மாதிரி எழுத வேண்டியது அதனால்தான்.

சரி, முழு மெயில் ஒன்றைக் காட்டுங்களேன்.

உங்கள் அலுவலகத்தில் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள் என்றாலும் வரிசை இதுவேதான்.

> பொருள்: கிடங்கு ஸ்கேனர் ப்ராஜெக்ட்: கூடுதல் ₹6,20,000 ஒப்புதல் வேண்டும், மே 20க்குள்
>
> வணக்கம் மேடம்,
>
> இன்று காலை பேசியபடி எழுதுகிறேன். கிடங்கு ஸ்கேனர் ப்ராஜெக்ட்டை முழுமையாக முடிக்க, ஒப்புதல் கிடைத்த ₹48,00,000க்கு மேல் ₹6,20,000 (ஜிஎஸ்டி தனி) தேவைப்படுகிறது. மே 20க்குள் முடிவு கிடைத்தால் ஜூலை 14 அன்று இரண்டு ஹாலிலும் தொடங்கிவிடலாம். வைஃபை சாதனங்களுக்கான கொட்டேஷன் மே 23 வரைதான் செல்லும், சாதனங்கள் வந்துசேர ஐந்து வாரம் ஆகும்.
>
> இன்றைய நிலவரம் (அக்கவுன்ட்ஸோடு ஒத்துப்பார்த்தது):
> செலவானது ₹29,50,000
> பிஓ போட்டு பில் வராதது ₹10,50,000
> கையில் இருப்பது ₹8,00,000. இதில் ₹5,60,000 பயிற்சிக்கும் பிரிண்டருக்கும் திட்டமிட்டது, ₹2,40,000 எதிர்பாராச் செலவுக்கான ஒதுக்கீடு.
>
> என்ன மாறியது:
> முதலாவது, வைஃபை. நவம்பரில் சர்வே எடுத்தபோது பின் ஹாலில் ரேக்குகள் காலியாக இருந்தன. பிப்ரவரியில் இரும்பு பின்கள் நிறைந்த பிறகு, மூன்றாவது வரிசையிலிருந்து உள்ளே சிக்னல் நிற்பதில்லை. ஏப்ரலில், ரேக் நிறைந்த நிலையில் சர்வேயை மறுபடி எடுத்தோம். 14 ஆக்சஸ் பாயின்ட் போதும் என்றிருந்தது, 23 வேண்டும். புதிய இடங்கள் சர்வர் ரூமிலிருந்து 100 மீட்டருக்கு மேல் இருப்பதால் சாதாரண நெட்வொர்க் கேபிள் போகாது, ஃபைபரும் இரண்டு ஸ்விட்சும் தேவை.
> இரண்டாவது, சரக்குப் பட்டியல். சோதனையாக 300 பின்களை எண்ணியதில் 41 பின்களில் லேபிளும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகவில்லை. இப்படியே தொடங்கினால் ஸ்கேனர் தவறான இடத்துக்கு ஆளை அனுப்பும்.
>
> கூடுதல் செலவு:
> ஆக்சஸ் பாயின்ட் 9 × ₹42,000 = ₹3,78,000
> ஃபைபர், ஸ்விட்ச், பெட்டி ₹2,36,000
> லிஃப்ட் வாடகை, இரவு வேலைக் கூலி ₹66,000
> 4,500 பின் எண்ணிச் சரிபார்க்க, பின்னுக்கு ₹40 = ₹1,80,000
> மொத்தம் ₹8,60,000. ஒதுக்கீடு ₹2,40,000 போக, கேட்பது ₹6,20,000.
>
> வழிகள்:
> அ) முழுமையாக முடிப்பது. இப்போது ₹6,20,000. இரண்டு ஹாலும் ஜூலை 14.
> ஆ) முன் ஹால் மட்டும் இப்போது. கூடுதல் கேட்க வேண்டியதில்லை, பட்டியல் சரிபார்ப்பை ஒதுக்கீட்டிலிருந்து செய்யலாம். பின் ஹால் பேப்பரிலேயே தொடரும். அடுத்த நிதியாண்டில் செய்தால், வெண்டர் குழு மறுபடி வரும் செலவு ₹1,40,000 சேர்ந்து ₹8,20,000 ஆகும் (இன்றைய விலையில்).
> இ) பின் ஹாலில் ஸ்கேனர் தரவைச் சேமித்து வைத்து, சிக்னல் உள்ள இடத்துக்கு வந்ததும் அனுப்பும்படி மென்பொருளை மாற்றுவது. மாற்றம் ₹2,90,000, பட்டியல் சரிபார்ப்பு ₹1,80,000, ஒதுக்கீடு போக இப்போது ₹2,30,000. ஆகஸ்ட் நடுவில் முடியும். பின் ஹால் ஸ்டாக் உடனுக்குடன் தெரியாது, ஒரே பின்னுக்கு இரண்டு பேர் அனுப்பப்பட வாய்ப்பு உண்டு.
>
> என் பரிந்துரை அ. கடந்த நிதியாண்டில் இடம் மாறி எடுத்ததால் வந்த அவசர லாரி வாடகையும் கஸ்டமர் டெபிட் நோட்டும் சேர்ந்து ₹11,40,000. இதில் பின் ஹால் சரக்கால் வந்தது ₹7,20,000 (அக்கவுன்ட்ஸ் பட்டியல் இணைப்பில்). அதில் பாதி குறைந்தாலே கூடுதல் தொகை சுமார் 21 மாதத்தில் திரும்பிவிடும்.
>
> அ ஒப்புக்கொள்ளப்பட்டால் ப்ராஜெக்ட்டில் எதிர்பாராச் செலவுக்கு எதுவும் மிச்சமிருக்காது. மேலே உள்ள நான்கு தொகைகளும் கொட்டேஷன் விலையிலோ பின் கணக்கிலோ நிலையாகப் பேசியவை.
>
> மே 20க்குள் அ, ஆ, இ எது என்று பதில் எழுதினால் போதும், பிஓ வேலையை அன்றே தொடங்குகிறேன். அதற்கு முன் நிதித் துறையோடு பேச வேண்டியிருந்தால் நானும் வருகிறேன்.
>
> இணைப்பு: கொட்டேஷன் 3, சர்வே வரைபடம் 2, பின் எண்ணிக்கைத் தாள், அக்கவுன்ட்ஸ் பட்டியல்.

பொருள் வரியிலேயே தொகையைப் போட்டால் முகத்தில் அடித்த மாதிரி இருக்காதா?

இருக்காது. ஒரு நாளைக்கு நூறு மெயில் பார்ப்பவருக்கு, ப்ராஜெக்ட் நிலவரம் என்று வரும் மெயில் நாளைக்குப் படிக்க வேண்டியது. தொகையும் தேதியும் இருந்தால், தான் முடிவெடுக்க வேண்டியது இது என்று திறக்காமலே தெரிகிறது. இரண்டு வாரம் கழித்து அவரே தேடும்போதும் சட்டென்று கிடைக்கும்.

காரணத்தை எப்படி எழுதுவது? உண்மையில் எங்கள் டீம் கவனிக்காமல் விட்டதும் இருக்கிறதே.

நடந்ததை நடந்த வரிசையில், தேதியோடு எழுதுங்கள். நவம்பரில் ரேக் காலி, பிப்ரவரியில் நிறைந்தது, ஏப்ரலில் சிக்னல் இல்லை. காலி ரேக்கில் சர்வே எடுத்தது யாருடைய முடிவு என்று படிப்பவருக்குத் தானாகவே விளங்கும், அதை மறைக்கவும் வேண்டாம், மன்னிப்புக் கடிதமாக நீட்டவும் வேண்டாம். வெண்டர்மீது பழி போட்டு எழுதினால் ஒரு சிக்கல் இருக்கிறது: அப்படியானால் வெண்டரே செய்து தரட்டும் என்று பதில் வரும், ஒப்பந்தத்தில் சர்வே அன்றைய நிலைமைப்படி என்று ஒரு வரி இருந்தால் உங்களால் அதற்குமேல் எதுவும் பேச முடியாது. மெயில் போகும் முன்பே ஒப்பந்தத்தை எடுத்து அந்த இடத்தைப் படித்துவிடுங்கள். வெண்டர் ஏற்க வேண்டிய பங்கு உண்மையிலேயே இருந்தால் அதை வாங்கிக் கழித்துவிட்டு மீதியைக் கேளுங்கள்.

தொழில்நுட்பக் காரணத்தை ஒரு வாக்கியத்துக்கு மேல் இழுக்காதீர்கள், ஆனால் அந்த ஒரு வாக்கியம் சரியாக இருக்க வேண்டும். இரும்பு, ரேடியோ அலையைத் திருப்பி அடிக்கும். காலி ரேக்கின் இடைவெளி வழியே போன சிக்னல், போல்ட்டும் பிராக்கெட்டும் நிறைந்த பின்கள் வந்ததும் அடைபட்டுப் போகிறது. அதேபோல செப்பு நெட்வொர்க் கேபிளுக்கு 100 மீட்டர் என்பது தர வரையறை, யாரும் பேரம் பேசி நீட்ட முடியாது. ஏன் ஃபைபர், கேபிளே இழுக்கலாமே என்று நிதித் துறையில் ஒருவர் கேட்பார், அந்த ஒரு எண் அதற்குப் பதில்.

முடிந்தால் ஒரு சின்ன வீடியோவும் இணையுங்கள். மூன்றாவது வரிசையின் அடித்தட்டில் ஒருவர் குனிந்து பின்னை ஸ்கேன் செய்கிறார், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அவர் எழுந்து நடைபாதை முனைக்கு வந்து நின்றதும் பீப் என்று பதிவாகிறது, திரும்ப உள்ளே போகிறார். இருபது நொடிதான். அந்த ஆள் ஒரு ஷிஃப்டில் எத்தனை தடவை அப்படி நடக்க வேண்டியிருக்கும் என்று பார்ப்பவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

பட்டியல் விஷயத்துக்கும் ஒரே ஒரு நிஜ உதாரணம் கைவசம் இருக்கட்டும். போல்ட்டை கிலோ கணக்கில் வாங்கி எண்ணிக்கையில் வெளியே கொடுக்கிறோம், பழைய எக்செல்லில் இரண்டும் ஒரே கட்டத்தில் கலந்து கிடக்கிறது. 25 என்றால் 25 கிலோவா, 25 போல்ட்டா? பழைய ஸ்டோர் கீப்பருக்குத் தெரியும், ஸ்கேனருக்குத் தெரியாது. இதைச் சொன்னால் பட்டியல் சுத்தம் செய்வது ஏன் மூளையில்லாத டைப்பிங் வேலை கிடையாது என்பது யாருக்கும் புரியும்.

40 லட்சம் போட்டாச்சு, பாதியில் விட முடியுமா என்று எழுதினால் உடனே கொடுத்துவிடுவார்களே?

கொடுக்கவும் கூடும், ஆனால் அது காரணமே இல்லை. போன பணம் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் திரும்பாது, அதனால் அது எந்த வழிக்கும் சாதகம் கிடையாது. படிப்பவர் கேட்க வேண்டியது, இனிமேல் போடும் 6.2 லட்சத்துக்கு இனிமேல் என்ன கிடைக்கும் என்பதுதான். கணக்குத் தெரிந்த நிதித் தலைவர் என்றால் அந்த வரியைப் படித்தவுடனே, வேறு காரணம் இல்லாததால் இதைப் போட்டிருக்கிறார் என்று முடிவுகட்டுவார். உண்மையான காரணம் கையில் இருக்கும்போது இதைப் போட்டு அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கு வேண்டியது ஒரே வழி. மாற்று வழிகளை ஏன் எழுதணும்? அவர் மலிவானதைப் பிடித்துக்கொண்டால்?

பிடித்துக்கொள்ளலாம், அது அவருடைய உரிமை. ஒரே வழியை மட்டும் வைத்தால் அவருக்கு ஆம், இல்லை என்ற இரண்டுதான் மிஞ்சும், பணம் இறுக்கமான வருடத்தில் இல்லை என்பது எளிது. மூன்று வழி வைத்தால் எது என்ற கேள்வியாக மாறுகிறது. அதைவிட முக்கியம், நீங்கள் எழுதாவிட்டாலும் மேலே உட்கார்ந்திருப்பவர்கள் மாற்று வழிகளைத் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள், கிடங்கைப் பார்க்காமல் கண்டுபிடிப்பார்கள். பின் ஹாலை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாமே என்று யாராவது சொல்லும்போது, அடுத்த வருடம் 8.2 லட்சம் என்ற எண் மெயிலிலேயே இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

மாற்று வழி என்று எழுதுவது உண்மையில் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். உங்கள் வழி நன்றாகத் தெரிவதற்காக, யாருமே ஏற்காத ஒன்றைப் பக்கத்தில் நிறுத்துவது சுலபமாகக் கண்டுபிடிக்கப்படும். எனக்கு இருக்கும் சோதனை ஒன்றுதான்: நாளைக்கு அவர் "இ" என்று பதில் போட்டால் மறுவாரமே வேலையைத் தொடங்க முடியுமா? முடியாது என்றால் அது பட்டியலில் இருக்கக் கூடாது. வெண்டரிடம் பேசாமல் 2.9 லட்சம் என்று குத்துமதிப்பாகப் போட்டுவிட்டு, அது தேர்வாகி, வெண்டர் 5 லட்சம் சொன்னால், ஒரே மாதத்தில் இரண்டாவது தடவை கேட்கப் போக வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு வழிக்கும் மூன்று விஷயம் சொல்லுங்கள்: இப்போது எவ்வளவு, பிறகு எவ்வளவு, குறை யார் தலையில் விழும். கடைசியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். "இ" வழியில் பணம் மிச்சம், ஆனால் ஸ்டாக் அரை மணி நேரம் பின்தங்கித் தெரியும்போது ஒரே பின்னைத் தேடி இரண்டு பேர் வந்து நிற்பார்கள், இரண்டாவது ஆள் வெறுங்கையோடு திரும்புவார், அதற்குள் அசெம்பிளி லைனிலிருந்து போன் வந்திருக்கும். குறை தன் துறைக்குள் இருக்கிறதா, உற்பத்தித் துறைக்குப் போகிறதா என்பது துறைத் தலைவருக்குப் பெரிய விஷயம், ஏனென்றால் உற்பத்தித் தலைவரிடம் பேச வேண்டியவர் அவர்தான்.

பரிந்துரையை விடாதீர்கள். மூன்றையும் வைத்துவிட்டு தங்கள் முடிவுப்படி என்று முடித்தால், உங்களுக்கே தெரியவில்லை என்று அர்த்தமாகிவிடும்.

பயிற்சிக்கு 3.6 லட்சம் இருக்கிறதே, அதில் கை வைத்தால் பாதிப் பிரச்சினை தீருமே?

இந்த யோசனை எப்படியும் யாரிடமிருந்தாவது வரும், ஏனென்றால் அந்தப் பணம் இன்னும் செலவாகவில்லை. கிடங்கில் ஸ்கேனரைப் பிடிக்கப்போவது பெரும்பாலும் காண்டிராக்ட் தொழிலாளர்கள், மூன்று ஷிஃப்ட், ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். தொடக்க வாரத்தில் பக்கத்தில் நின்று காட்ட ஆள் இல்லையென்றால், ஸ்கேன் செய்யாமல் சரக்கை எடுத்துவிட்டு ஷிஃப்ட் முடிவில் மொத்தமாகக் கையால் பதிவு போடுவார்கள். அது நடக்கிறதா என்று கண்டுபிடிப்பதும் எளிது: பதிவுகளின் நேரத்தைப் பாருங்கள், ஷிஃப்ட் முடியும் கடைசி இருபது நிமிடத்தில் குவிந்திருந்தால் அதுதான். அந்த நிலைக்கு வந்துவிட்டால் 23 ஆக்சஸ் பாயின்ட் இருந்தும் ஸ்டாக் பொய்தான் சொல்லும். கேட்டால் இதைச் சொல்லுங்கள், மெயிலில் எழுத வேண்டியதில்லை.

லாபக் கணக்கை எவ்வளவு தூரம் காட்டுவது?

அக்கவுன்ட்ஸ் புத்தகத்தில் ஏற்கெனவே பதிவான செலவை மட்டும் எடுங்கள். அவசர லாரி வாடகை, கஸ்டமர் டெபிட் நோட், இரண்டுக்கும் வவுச்சர் இருக்கிறது, யாரும் மறுக்க முடியாது. ஊழியர் நேரம் மிச்சம், நாளைக்கு இத்தனை மணி, அதை ரூபாயாக மாற்றினால் இவ்வளவு என்று போடும் கணக்கு பார்க்கப் பெரிதாக இருக்கும், ஆனால் யாரையும் குறைக்கப்போவதில்லை என்றால் அந்தப் பணம் எங்கேயும் மிச்சமாகாது, நிதித் துறைக்கு அது நன்றாகத் தெரியும்.

பின் ஹாலின் 7.2 லட்சத்தில் பாதிதான் குறையும் என்று வைத்துக்கொண்டேன். வருடத்துக்கு 3.6 லட்சம், 6.2ஐ அதால் வகுத்தால் ஒன்றே முக்கால் வருடத்துக்குச் சற்றுக் குறைவு. மொத்த 11.4 லட்சத்தையும் காட்டியிருந்தால் ஏழு மாதத்திலேயே திரும்பும் என்று எழுதலாம், ஆனால் முன் ஹால் செலவு இந்த 6.2 லட்சம் இல்லாமலே குறையப்போகிறது, அதை இதன் கணக்கில் சேர்ப்பது தப்பு.

தொகையை ஜிஎஸ்டி சேர்த்து எழுதுவதா, சேர்க்காமலா?

முதல் ஒப்புதல் எப்படி இருந்ததோ அப்படியே. 48 லட்சம் வரி சேர்க்காதது என்றால் 6.2ம் வரி சேர்க்காதது, மெயிலில் ஒரு தடவை அதைச் சொல்லிவிடுங்கள். இந்த மாதிரி சாதனங்களுக்கும் சேவைக்கும் 18% வரி, ஆனால் உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் தொழிற்சாலைக்கு அது செலவாக நிற்காது. அந்த வரவு எடுக்க முடியாத நிறுவனம், ஒரு மருத்துவமனை மாதிரி, வரியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இன்னொன்று, ஆக்சஸ் பாயின்ட்டும் ஃபைபரும் மூலதனச் செலவு, பின் எண்ணும் கூலி பெரும்பாலும் வருவாய்ச் செலவாகப் போகும். இரண்டுக்கும் தனித்தனி பட்ஜெட் தலைப்பு இருக்கும் கம்பெனியில் எது எதில் என்று அக்கவுன்ட்ஸிடம் முன்பே கேட்டு வரிக்குப் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

சிசியில் யாரையெல்லாம் போடலாம்?

முதல் மெயிலில் யாரையும் வேண்டாம். நிதித் துறையை சிசியில் வைத்தால், துறைத் தலைவர் முடிவெடுக்கும் முன்பே விஷயம் மேலே போனதாகிவிடும், அதை எந்த மேடமும் எந்த சாரும் விரும்ப மாட்டார்கள். யாருக்கு அனுப்ப வேண்டும் என்று அவரே தீர்மானிக்கட்டும்.

அனுப்பி ஒரு வாரம் ஆச்சு, பதிலே இல்லை.

அதே மெயிலுக்கு மேலேயே இரண்டு வரி. "மேடம், கொட்டேஷன் 23ஆம் தேதி முடிகிறது. 20க்குள் முடிவு இல்லையென்றால் ஜூலை 14 தேதி நகரும், உற்பத்தித் துறைக்கு அதைத் தெரிவிக்க வேண்டியிருக்கும்." தேதி தாண்டிவிட்டால் வெண்டரிடம் கேட்டு கொட்டேஷனை எழுத்தில் நீட்டித்துக்கொள்ளுங்கள், விலை மாறினால் புது எண்ணை உடனே அதே மெயிலில் போடுங்கள். ஒப்புதல் வரும் என்ற நம்பிக்கையில் வாய்மொழியாக வேலையைத் தொடங்கச் சொல்லாதீர்கள். பிஓ இல்லாமல் இழுத்த ஃபைபருக்கு பில் வரும்போது தணிக்கையில் கேள்வி உங்களிடம்தான் வரும்.

போனில் "சரி, பண்ணிடுங்க" என்றார். போதுமா?

போதாது, ஆனால் எழுதித் தாருங்கள் என்று கேட்கவும் வேண்டாம். அன்றே நீங்கள் எழுதுங்கள்: "மேடம், இன்று போனில் சொன்னபடி அ வழி, ₹6,20,000. பர்ச்சேஸுக்கு அனுப்புகிறேன்." பர்ச்சேஸ் துறை எப்படியும் எழுத்தில் ஒப்புதல் கேட்கும், அப்போது உங்கள் மெயிலுக்கு அவர் ஓகே என்று ஒரு சொல் பதில் போட்டாலே வேலை நகரும்.

4 லட்சம்தான் தர முடியும் என்கிறார். அதே வேலையை அதற்குள் முடிக்கச் சொல்கிறார்.

தொகையை ஏற்றுக்கொள்ளுங்கள், அதே வேலை என்பதை ஏற்காதீர்கள். கிடங்கு சூப்பர்வைசரோடு உட்கார்ந்து பின் ஹாலில் எந்த வரிசைகளில் சரக்கு வேகமாக ஓடுகிறது என்று பாருங்கள். ஆறு வரிசையில் மூன்று, நான்கு, ஐந்துக்கு மட்டும் போட்டால் நான்கு ஆக்சஸ் பாயின்ட் போதும் என்று சர்வே வரைபடம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 1.68 லட்சம். ஃபைபர், ஸ்விட்ச் 2.36 அப்படியே வேண்டும், அது பாதியாகாது. லிஃப்ட் இரவுகள் குறைந்து 40,000. பின் எண்ணுவது 1.8. கூட்டினால் 6.24, ஒதுக்கீடு 2.4 போக 3.84 லட்சம். ஆறாவது வரிசை பேப்பரில் இருக்கும், மெதுவாக ஓடும் சரக்கை அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

அதை இப்படி எழுதி அனுப்புங்கள்: "மேடம், 4 லட்சத்துக்குள் ஐந்தாவது வரிசை வரை முடிக்கலாம், ₹3,84,000 ஆகும், ஜூலை 14 தேதி மாறாது. ஆறாவது வரிசை இதில் சேராது, பேப்பர் சீட்டிலேயே நடக்கும். பின்னால் சேர்க்க ஐந்து ஆக்சஸ் பாயின்ட்டுக்கு இன்றைய விலையில் ₹2,10,000, அதோடு லிஃப்ட் வாடகையும் கூலியும், ஃபைபர் மறுபடி தேவைப்படாது. இது சரி என்றால் திட்ட எல்லையை இப்படித் திருத்தி அனுப்புகிறேன்."